தலைமை ஆசிரியருக்குக் கடிதம்: ஐந்தாம் வகுப்புக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தீர்கள்?

மதுரை டீச்சர்: விடுப்புக் கடிதத்தில் தொடங்குவதை நான் விட்டுவிட்டேன். 'காய்ச்சல் காரணமாக' என்பதைக் காய்ச்சலே வராதவனும் மனப்பாடமாக எழுதிவிடுகிறான். பள்ளியில் ஒரு குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது, அதைப் பற்றி எழுதச் சொன்னேன். ஒரு பையன், "ஐயா, பைப் ஒழுகுது, சீக்கிரம் சரி பண்ணுங்க" என்று முடித்துவிட்டான். எந்தக் குழாய், எப்போதிலிருந்து, யாருக்குச் சிரமம் என்று வகுப்பே கேள்வி கேட்டது. கடைசியில் வந்தது இது: "சத்துணவுக் கூடத்தின் அருகிலுள்ள குடிநீர்க் குழாய் திங்கட்கிழமை முதல் ஒழுகுகிறது. தட்டு கழுவப் போகும் சிறு பிள்ளைகள் வழுக்கி விழுகிறார்கள். அதைச் சரிசெய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." 'பணிவுடன்' ஒரு தடவை போதும் என்பதற்கும் சண்டை போட வேண்டியிருந்தது. தயவுகூர்ந்து, தாழ்மையுடன், பணிவுடன் மூன்றையும் ஒரே வரியில் அடைக்கிறார்கள்.

இரண்டு பிள்ளைகளின் அப்பா: என் மகளின் விடுப்புக் கடிதத்தை நான்தான் எழுதுகிறேன். கீழே அவள் கையெழுத்தா, என் கையெழுத்தா?

மதுரை டீச்சர்: எழுதுவது நீங்கள் என்றால் அனுப்புநர் நீங்கள்தான், கையெழுத்தும் உங்களுடையது. நான் சொல்வது பிள்ளை தானே எழுதும் கடிதம் சார்.

தனியார் பள்ளி ஆசிரியர்: அமைப்புக்கு நான் காகிதத் துண்டு வைக்கிறேன். அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள், செய்தி, இப்படிக்கு என்று தனித்தனியாக வெட்டிக் கொடுத்தால் அடுக்குவார்கள். அனுப்புநரும் பெறுநரும்தான் அதிகம் இடம் மாறும். பொருளில் முழுக் கதையும் எழுதுவார்கள், "குடிநீர்க் குழாயைச் சரிசெய்ய வேண்டுதல்" என்ற அளவு போதும். தேதி மட்டும் வலது மேல் மூலையில் வர வேண்டும், அதுதான் முறை.

மதுரை டீச்சர்: ஆங்கிலக் கடிதத்தில் அப்படிப் போடுவதுண்டு. தமிழ்ப் பாடத்தில் நாங்கள் இடமும் நாளும் இடதுபக்கம் கீழே, வலதுபக்கம் 'இப்படிக்கு' என்று பழக்குகிறோம். இரண்டையும் ஒரே வாரத்தில் சொல்லிக்கொடுத்தால் குழம்பிவிடுவார்கள்.

புதிதாகச் சேர்ந்த ஆசிரியை: சரிபார்ப்புப் பட்டியல் கொடுத்தேன். கடிதத்தைப் பார்க்காமலே எல்லாவற்றுக்கும் டிக் போட்டுவிட்டார்கள்.

மதுரை டீச்சர்: டிக் வேண்டாம், பக்கத்து மாணவனிடம் கொடுத்துவிடுங்கள். யார் எழுதியது, என்ன வேண்டும், எங்கே, எப்போதிலிருந்து என்று கரும்பலகையில் எண் போட்டு எழுதுங்கள். விடை இருக்கும் வரியின் ஓரத்தில் அவன் அந்த எண்ணைப் பென்சிலால் எழுத வேண்டும். எண் போட இடம் கிடைக்கவில்லை என்றால் விட்டுப்போனது எது என்று எழுதியவனுக்கே தெரிந்துவிடும். எழுத்துப்பிழையை அப்புறம் பார்க்கலாம். முதல் சுற்றிலேயே அதையும் சேர்த்தால் 'அனுப்புனர்' எழுதியவனைப் பிடிப்பதிலேயே நேரம் போய்விடும்.

தனியார் பள்ளி ஆசிரியர்: 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்' என்று முடிக்கச் சொல்கிறீர்களா? எனக்கு அது உறுத்துகிறது. நான் 'தங்கள் உண்மையுள்ள' என்று மாற்றிவிட்டேன்.

மதுரை டீச்சர்: எங்கள் தலைமை ஆசிரியருக்குப் பழையதுதான் பிடிக்கும். பிள்ளைகள் இரண்டையும் எழுதட்டும், எதற்கும் நான் மதிப்பெண் குறைப்பதில்லை.