தலைப்பைக் கேள்வியாக்குவதற்கு ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்குள்

சுமதி, அடையாறு:
அனைவருக்கும் வணக்கம். மேல்நிலை மாணவர்களின் நெடுங்கட்டுரைக்கான வரலாற்றுக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 4000 சொல்லுக்குள் எழுத வேண்டிய கட்டுரை. பரந்த தலைப்பை ஒரே ஆய்வுக் கேள்வியாக்கும் வேலையைத் 'தலைப்புக் குறுக்கம்' என்று எழுதியிருந்தேன். வரைவைப் படித்த மாணவி ஒருத்தி 'தாது வருஷப் பஞ்சம்' என்ற தலைப்பை 'சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம், 1877' என்று மாற்றிக்கொண்டு வந்து, "குறுக்கிவிட்டேன்" என்கிறாள். அவளைக் குறை சொல்ல முடியாது, என் சொல் அப்படித்தான் சொல்கிறது. வேறு சொல் தாருங்கள்.

புலவர் அரங்கநாதன், மயிலாப்பூர்:
அம்மா, சொல் பிழையன்று, பொருத்தம்தான் பிழை. ஐகாரக் குறுக்கத்தில் எழுத்து அதேதான், மாத்திரை மட்டும் குறைகிறது. உங்கள் மாணவியின் தலைப்பிலும் நடந்தது அதுவே. 'கூர்ப்பு' என்று வையுங்கள். "கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்" என்பது தொல்காப்பியம், உரியியல். கேள்வி என்பதையும் விட்டுவிடலாம். 'கடா' இருக்கிறது, கடாவிடை என்ற வழக்கும் உண்டு. ஆகவே 'கடாக்கூர்ப்பு'.

தயாளன், வேளச்சேரி:
ஐயா, நான் யாழ்ப்பாணத்தில் படித்தவன். எங்கள் பாடநூலில் கூர்ப்பு என்றால் உயிரினங்களின் பரிணாமம். கடா என்றால் இங்கேயும் அங்கேயும் பிள்ளைகளுக்கு ஆடுதான் நினைவுக்கு வரும்.

கீதா, அண்ணா நகர்:
என் மகன் 5600 சொல் எழுதிவிட்டான். குறுக்குவது எப்படி என்று நீங்கள் முடிவு செய்ததும் எனக்கும் அனுப்புங்கள்.

சுமதி:
கீதா, இது எழுதி முடித்த பிறகு வெட்டுவதைப் பற்றியதல்ல. ஆனால் 1600 சொல் மிஞ்சுகிறது என்றால் அவன் கேள்வி பெரிதாக இருக்கக்கூடும்.

இராமமூர்த்தி, எழும்பூர்:
முப்பது ஆண்டு வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் பேசுகிறேன். சொல்லை விடுங்கள், அந்த மாணவி அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று பாருங்கள். ஊரையும் ஆண்டையும் சேர்த்தால் தலைப்பு சிறிதாகும், கேள்வி பிறக்காது. கேள்வி பிறக்க ஒரு வழக்கு வேண்டும். 1877 தொடக்கத்தில் இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலையில் ஆணுக்கு நாள்கூலியாகக் கொடுத்த தானியத்தை ஒன்றரைப் பவுண்டிலிருந்து ஒரு பவுண்டாகக் குறைத்தார். கூடவே சிறு காசு. மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ், உழைக்கிற உடம்புக்கு இது போதாது, பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று எதிர்த்து எழுதினார். அதே ஆண்டில் மாகாண அரசு தானியத்தை ஒன்றேகால் பவுண்டாக்கிக் கொஞ்சம் பருப்பும் சேர்த்தது. இதோ வழக்கு.

இப்போது அவள் "கூலி எவ்வளவு உயர்ந்தது?" என்று கேட்டால் ஒரு வரியில் விடை முடிந்துவிடும். "பஞ்சத்துக்கு ஆங்கிலேயர்தான் காரணமா?" என்று கேட்டால் 4000 சொல்லில் முன்னுரையே முடியாது. "1877இல் நிவாரணக் கூலி உயர்ந்ததற்குக் கார்னிஷின் மருத்துவ வாதம் எந்த அளவுக்குக் காரணம்?" என்று கேட்கட்டும். எதிர்ப்பக்கத்தில் எடை போட ஆளுநர் பக்கிங்காமுக்கும் வைஸ்ராய் லிட்டனுக்கும் இருந்த உரசல் இருக்கிறது, முகாம்களில் கண்ணெதிரே நடந்த சாவும் இருக்கிறது. டெம்பிள், கார்னிஷ் இருவர் எழுதியதும் அச்சில் உண்டு. விடை "அவ்வளவாக இல்லை" என்று வந்தாலும் கட்டுரை நிற்கும். நான் மாணவர்களிடம் முதலில் பார்ப்பது அதைத்தான்: மறுபக்க விடைக்குச் சான்று தேட இடமே இல்லையென்றால் கேள்வியை மாற்றச் சொல்லிவிடுவேன்.

புலவர் அரங்கநாதன்:
நன்னூலார் வகுத்த ஆறு வினாக்களில் இது ஐயவினா. "பாம்போ கயிறோ?" 'ஐயவினாக்கம்' என்று வைத்தால் வேலை முடிந்தது.

இராமமூர்த்தி:
பாதி சரி, புலவரே. பாம்பு, கயிறு இரண்டில் ஒன்றுதான் அங்கே உண்மை. இங்கே கார்னிஷும் காரணம், உரசலும் காரணமாக இருக்கலாம். எது எவ்வளவு என்பதே கேள்வி. அதற்கு நன்னூலில் இடம் எங்கே?

தயாளன்:
'கேள்வி வடித்தல்'?

சுமதி:
நன்றாக இருக்கிறது. சோறு வடிப்பது எல்லா வீட்டுக்கும் தெரியும்.

இராமமூர்த்தி:
வடித்தால் கஞ்சியைக் கொட்டிவிடுவார்கள். அந்த மாணவி மழை பொய்த்ததையும் தானிய விலையையும் கொட்டிவிடக் கூடாது, பின்னணிக்கு ஒரு பத்தி அவை வேண்டும். பஞ்சத்தில் கஞ்சிதான் உயிர் காத்தது என்பது வேறு கதை. இருந்தாலும் எதிர்க்கவில்லை.

கீதா:
வடித்தலுக்கு என் ஓட்டு. மகனின் கேள்வியைப் பார்த்தேன்: 'இரண்டாம் உலகப் போரில் சென்னை.' கேள்விக்குறியே இல்லை.

சுமதி:
மூவர் சரி என்கிறீர்கள், 'கேள்வி வடித்தல்' என்றே அச்சுக்கு அனுப்புகிறேன். கீதா, 1942 ஏப்ரலில் ஊரே காலியானதே, அந்தப் பக்கம் தேடச் சொல்லுங்கள்.

புலவர் அரங்கநாதன்:
அனுப்புங்கள். 'கூர்ப்பு' என்பதை அடிக்குறிப்பிலாவது போடுங்கள். எண்ணும்மைக்கும் இந்த 'எந்த அளவு' வினாவுக்கும் தொடர்பு உண்டு என்று ஓர் எண்ணம். நாளை எழுதுகிறேன்.