பாட்டில் கரும்புச்சாறை விட்டு நன்னாரிக்குப் போனது

பவானிக்கரை
சின்னதாகப் பானத் தொழில் தொடங்க நானும் தம்பியும் மூன்று பொருள் யோசித்து வைத்திருந்தோம்: பாட்டில் கரும்புச்சாறு, நன்னாரி சர்பத், நெல்லிச்சாறு. எனக்குக் கரும்புச்சாறு மேல்தான் ஆசை. தம்பிக்கு அது தெரியும். அதனால் முதல் கரும்பைப் பிழிவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டான்: ஃபிரிட்ஜில் 3 வாரம் தாங்க வேண்டும், குடிப்பவர் ‘வண்டிக்கடைச் சாறு மாதிரியே இருக்கு’ என்று சொல்ல வேண்டும், இரண்டும் ஒரே பாட்டிலில் நடக்க வேண்டும். கடைக்காரர் வாரம் ஒருமுறைதான் சரக்கு எடுப்பார், விற்காததைத் திருப்பித் தருவார். அந்தக் கணக்கில் வந்தது இந்த 3 வாரம்.

சும்மா பிழிந்த சாறு சீக்கிரமே கறுத்துப் போனது. தோல் சீவிய துண்டுகளை 5 நிமிடம் ஆவியில் வைத்துப் பிழிந்தோம், நிறம் இளம்பச்சையாக அப்படியே நின்றது. அன்றைக்கு எனக்கு ஒரே சந்தோஷம்.

அப்புறம் எலுமிச்சை சேர்த்து, புளிப்பு ஏற ஏற இறங்கும் பிஎச் அளவை 4.2-க்குக் கொண்டுவந்து, 85 டிகிரிக்குச் சூடாக்கி, சூட்டோடு அடைத்தோம். 3 வாரம் தாங்கியது. ஆனால் குடித்தவர்கள் எல்லாரும் ‘வெல்லப்பாகு வாசம் வருது’ என்றார்கள். சூட்டைக் குறைத்தால் பழைய ருசி வந்தது. கூடவே, சில நாளில் பாட்டில் உப்பி, மூடியைத் திருகினால் ‘புஸ்’ என்று நுரை வந்தது. நடுவில் எந்தச் சூட்டில் நிறுத்தினாலும் ஒன்று கிடைத்தால் மற்றொன்று போனது. அங்கே நிறுத்திவிட்டு நன்னாரிக்குப் போனோம்.

கரும்புக்கடை
கடையை மூடாதீங்க தம்பி. நான் இருபது வருசமா வண்டி போட்டிருக்கேன். ஐஸைக் குறைச்சு, இஞ்சியைக் கூட்டிப் பாருங்க, கூட்டம் தானா வரும். உங்க மெஷின் ரெண்டு ரோலரா, மூணு ரோலரா?

பவானிக்கரை
அண்ணே, கடை இல்லை, பாட்டிலில் அடைத்து விற்கிற யோசனை. மெஷின் மூன்று ரோலர்.

சேலத்து மாப்பிள்ளை
இதுக்குப் போய் விட்டுட்டீங்களே! கெடாம இருக்கக் கொஞ்சம் சோடியம் பென்சோயேட் போட்டிருந்தா முடிஞ்சுது. சும்மா பிழிஞ்ச சாறிலேயே போடலாம், எலுமிச்சை, சூடு எதுவும் வேண்டாம்.

ஆய்வுக்கூடம்
உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். மாப்பிள்ளை, பென்சோயேட் புளிப்பில்தான் வேலை செய்யும். வெறும் கரும்புச்சாறு பிஎச் 5-க்கு மேல் இருக்கும், அதில் போட்டு அவ்வளவாகப் பயன் இல்லை. எலுமிச்சை சேர்த்த பிறகு போட்டால் நீங்கள் சொல்வதில் நியாயம் உண்டு. இன்னொன்று, எலுமிச்சை இல்லாமல் சூடாக்கிக் காற்றுப் புகாமல் அடைத்து, ஃபிரிட்ஜுக்கு வெளியே வைப்பதை யாரும் செய்து பார்க்காதீர்கள். பிஎச் 4.6-க்கு மேல் இருந்தால் உயிரைக் குடிக்கும் நஞ்சை உண்டாக்குகிற பொட்டுலினம் கிருமி வளரலாம். வாசனையை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

பவானிக்கரை நிறுத்திய இடம் சரி என்றே நினைக்கிறேன். கறுப்பது சாறில் உள்ள ஒரு நொதியால். அதற்குத் தனியாக வைத்தியம் உண்டு, ஆவியில் வைத்ததும் சரியாகிவிட்டது. பாகு வாசம் அப்படி இல்லை. கிருமியைக் கொல்கிற அதே சூடுதான் பாகு வாசத்தையும் கொண்டுவருகிறது. சூடே இல்லாமல் உயர் அழுத்தத்தில் கிருமியைக் கொல்லும் இயந்திரம் இருக்கிறது, விலை கோடிக்கணக்கில். சிறு தொழிலுக்கு வேறு வழி குறைவு.

பவானிக்கரை
எலுமிச்சை, பென்சோயேட், மிதமான சூடு மூன்றையும் சேர்த்து நாங்கள் பார்க்கவில்லை. எங்களிடம் வாங்குவதாகச் சொன்ன இயற்கை அங்காடிகள் லேபிளில் பென்சோயேட் என்ற பெயர் இருந்தாலே எடுக்க மாட்டார்கள்.

கோபிச்செட்டிப்பாளையம்
ஒரு சந்தேகம். எந்த மாதத்துக் கரும்பு? நாங்கள் கரும்பு போடுகிறவர்கள். முற்றாத கரும்பில் எடுத்த சாறு அடுப்பில் சீக்கிரம் சிவக்கும், வெல்லமும் இளகிப் போகும். ஒரே பருவத்துக் கரும்பை வைத்து முடிவு கட்டியது அவசரம் என்று எனக்குப் படுகிறது.

பவானிக்கரை
ஐப்பசியில் பார்த்தது. கரும்பு கொஞ்சம் இளசுதான்.

ஆய்வுக்கூடம்
நியாயமான கேள்வி. இளங்கரும்பில் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் அதிகம், சூட்டில் அவைதான் முதலில் நிறம் மாறும். முற்றிய கரும்பில் பாகு வாசம் குறையலாம். 3 வாரம் தாங்குகிற சூட்டிலும் தெரியாத அளவுக்குக் குறையுமா என்றால், எனக்குச் சந்தேகம்தான்.

கோபிச்செட்டிப்பாளையம்
சந்தேகம் என்றால் பார்த்துவிடுவதுதானே? தை, மாசியில் வாருங்கள், முற்றின கரும்பு தருகிறேன்.

பவானிக்கரை
வருகிறோம் ஐயா. ஆனால் தம்பி விவரமானவன், ‘ஒரே ஒரு தடவைதான் காய்ச்சிப் பார்க்கணும், அதே தாள், அதில் எழுதினதைத் தளர்த்தக் கூடாது’ என்கிறான். அதுவரை நன்னாரியை நிறுத்தப் போவதில்லை. 65 பிரிக்ஸ், அதாவது நூற்றுக்கு 65 பங்கு சர்க்கரை இருப்பதால் அது ஃபிரிட்ஜ் இல்லாமலேயே நிற்கிறது. அங்கே சிக்கல் வேறு: சந்தையில் வாங்குகிற வேரில் வேறு வேர்களும் கலந்து வருகின்றன. உடைத்து முகர்ந்தால் வாசம் வராத வேரை ஒதுக்கினால் மூட்டையில் கால் பங்கு போய்விடுகிறது. நல்ல வேர் கிடைக்கும் இடம் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.