புதுப்பிப்பு: தொங்கு கம்பிக்கு எம்16 போதும்

நான் கேட்டிருந்தது: "12 கிலோநியூட்டன் நிலைச்சுமை, மைல்ட் ஸ்டீல், பாதுகாப்புக் காரணி 2.5. கம்பி என்ன விட்டம்?"

முதலில் பதில் சொன்னவர் கணக்கு சரிதான். ஈல்டு 250 மெகாபாஸ்கல், 2.5-ஆல் வகுத்தால் 100. தேவையான பரப்பு 120 சதுர மி.மீ., விட்டம் 12.4 மி.மீ. அதனால் எம்14 என்றார்.

ஃபேப்ரிகேஷன் அண்ணன்தான் மரையைக் கவனிக்கச் சொன்னார். மரை வெட்டிய இடத்தில் எம்14-க்குக் கிடைப்பது 115 சதுர மி.மீ.தான், காரணி 2.4-க்கு இறங்கிவிடும். எம்16-க்கு 157, தகைவு 76 மெகாபாஸ்கல், காரணி 3.3. அதையே எடுத்துக்கொண்டேன்.

இன்னொருவர் தன் மோட்டார் தொங்கலுக்கும் இதே கணக்கா என்றார். அதிர்வு இருந்தால் நட்டை ஒட்டிய முதல் மரையில் களைப்பு விரிசல் விழும். அங்கே காரணி எவ்வளவு என்பதில் இன்னும் ஒத்த கருத்து வரவில்லை.