எழுத்துரு வந்து சேரும்போது வரிகள் இடம் மாறுவதற்கு என்ன சொல்?

செல்வி:

எல்லோருக்கும் வணக்கம். வலைப்பக்கம் செய்பவர்களுக்காக `font-display` பற்றி ஒரு தமிழ் விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன். `swap`, `block` போன்றவை நிரலில் அப்படியே தட்டச்சு செய்ய வேண்டியவை, அவற்றைத் தொடப்போவதில்லை. ஆனால் அவை என்ன செய்கின்றன என்று சொல்லத்தான் சொல் கிடைக்கவில்லை. வாசகர் இரண்டாவது பத்தியைப் படித்துக்கொண்டிருக்கும்போது வலை எழுத்துரு இறங்கி முடிகிறது, சட்டென்று தலைப்பு இரண்டு வரியிலிருந்து மூன்று வரியாகிறது, படித்த இடம் கீழே போய்விடுகிறது. இந்த லேஅவுட் ஷிஃப்டுக்கு ஒரு சொல் வேண்டும். எழுத்துரு வரும்வரை உலாவி கணினியில் ஏற்கெனவே இருக்கும் நிர்மலாவையோ நோட்டோவையோ காட்டுகிறதே, அந்த எழுத்துருவுக்கு ஒன்று. எழுத்தே தெரியாமல் இருக்கும் அந்தச் சில நொடிகளுக்கு இன்னொன்று. "இடப்பெயர்வு", "பதிலி எழுத்துரு", "வெற்று நேரம்" என்று தற்காலிகமாகப் போட்டு வைத்திருக்கிறேன், மனதுக்கு ஒட்டவில்லை.

முருகேசன்:

வெற்று நேரம் நன்றாகவே இருக்கிறதே, ஏன் மாற்ற வேண்டும்? `block` என்றால் மூன்று நொடி வரை எழுத்து வராது, பக்கம் வெறுமையாக இருக்கும், அதற்குள் எழுத்துரு இறங்கிவிட்டால் சரியான எழுத்துருவோடு ஒரேயடியாக வரும். `swap` போட்டால்தான் முதலில் ஒன்று, பிறகு ஒன்று என்று மாறி வரி ஆடுகிறது. அதனால் உங்கள் விளக்கத்தில் இன்னொன்றையும் சேர்த்துவிடுங்கள்: வரி ஆடக்கூடாது என்றால் `block`, எழுத்து உடனே தெரிய வேண்டும் என்றால் `swap`. நான் செய்யும் தளங்களில் எல்லாம் `block`தான்.

யோகன்:

செல்வி, இடப்பெயர்வு வேண்டாம். எங்கட பக்கத்தில், வடக்கிலும் வன்னியிலும், இடப்பெயர்வு என்றால் சனம் வீடு வாசலை விட்டுப் போனதுதான். 95இல் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட இடப்பெயர்வு என்றுதான் இன்றைக்கும் எல்லோரும் சொல்லுகினம். ஒரு பத்தி நாற்பது பிக்சல் கீழே இறங்கியதற்கு அந்தச் சொல்லைப் போட்டால் எங்கட ஆட்களுக்கு வாசிக்கவே முடியாது. பெயர்ச்சி என்றும் யாராவது சொல்லக்கூடும், அது ராசிபலன் மாதிரி இருக்கும். "நகர்வு" போதும் என்று நினைக்கிறேன்.

ராதா:

எனக்கும் இதே பிரச்சினைதான்! எங்கள் சங்கத்தின் தளத்தில் எழுத்துரு வந்ததும் "கொ" உடைந்து, கொம்பு தனியாக, நடுவில் புள்ளி வட்டத்தோடு தெரிகிறது. இதற்கு `swap` போட்டால் சரியாகுமா?

அன்வர்:

ராதா, அது வேறு பிரச்சினை, `font-display` அதைத் தொடாது. உங்கள் எழுத்துருக் கோப்பைச் சிறிதாக்க யாரோ தேவையில்லாதது என்று நினைத்துச் சில எழுத்துகளை வெட்டியிருக்கலாம், அல்லது `unicode-range` தமிழ்ப் பகுதி முழுவதையும் உள்ளடக்காமல் இருக்கலாம். மெய் ஒரு எழுத்துருவிலிருந்தும் உயிர்க்குறி இன்னொன்றிலிருந்தும் வந்தால் இரண்டும் சேராது, புள்ளி வட்டம் வந்துவிடும். `U+0B80-0BFF` முழுவதும், கூடவே `U+200C-200D`, `U+25CC` இருக்கிறதா என்று பாருங்கள். தனி இழையாகக் கேளுங்கள், கோப்பைப் பார்த்துச் சொல்கிறேன்.

முருகேசன் சொன்னதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சொல்லும் அதைப் பொறுத்துத்தான் அமையும். `block` காலத்தில் பக்கம் வெறுமையாக இல்லை. உலாவி நிர்மலாவையோ நோட்டோவையோ எடுத்து, அதன் அகலத்தில் வரிகளை மடித்து, ஒவ்வொரு வார்த்தைக்கும் இடம் ஒதுக்கிவிடுகிறது. மை மட்டும் பூசவில்லை, அவ்வளவுதான். எழுத்துரு வந்ததும் அதன் அகலத்தில் மறுபடி மடிக்கிறது. வரி எண்ணிக்கை மாறினால் கீழே இருக்கும் படம், பொத்தான், அடுத்த பத்தி எல்லாம் `swap`இல் நகர்ந்த அதே அளவு நகரும். எழுத்து கண்ணுக்குத் தெரியாததால் எழுத்து ஆடுவது தெரியாது, படம் ஆடுவது தெரியும். அதனால் "வெற்று நேரம்" தவறான படத்தைத் தருகிறது. "மறைவு நேரம்" என்றால் சரி, எழுத்து இருக்கிறது, மறைந்திருக்கிறது.

முருகேசன், சோதித்துப் பார்ப்பதும் எளிது. குரோம் உருவாக்குநர் கருவியில் வலை வேகத்தைக் குறைத்து வைத்து, Rendering பகுதியில் `Layout Shift Regions` என்பதைத் தேர்ந்தெடுத்து, தற்காலிகச் சேமிப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். நகர்ந்த பகுதிகள் ஒரு கணம் வண்ணத்தில் ஒளிரும். `block` வைத்தும் செய்யுங்கள், `swap` வைத்தும் செய்யுங்கள்.

முருகேசன்:

இரண்டிலும் ஒளிர்கிறது. அப்படியானால் எழுத்துகளையும் மறைத்துவிட்டு நகர்வையும் வாங்கிக்கொண்டிருக்கிறேன், `block`ஐ எடுத்துவிடுகிறேன். ஆனால் ஆங்கிலப் பக்கத்தில் இவ்வளவு ஆடவில்லையே, தமிழில் மட்டும் ஏன்?

அன்வர்:

தமிழ் வார்த்தை நீளம், அதுதான் முக்கியக் காரணம். 360 பிக்சல் அகலக் கைபேசியில் ஓரங்கள் போக 328 பிக்சல்தான் வரிக்கு. அதில் "எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கின்றன" என்று ஒரு வார்த்தை வந்தால் அதுவே வரியில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். துணைக்கு வந்த எழுத்துருவில் மூன்று பிக்சல் மிச்சம் வைத்து அடங்கியது, உங்கள் எழுத்துருவில் மூன்று பிக்சல் போதாமல் போனால் வார்த்தை முழுவதும் கீழே இறங்கும், பெரும்பாலான தளங்கள் வார்த்தையை நடுவில் உடைப்பதில்லை. ஆங்கிலத்தில் இறங்குவது "of" ஆக இருக்கும், அடுத்த வரி அதை எப்படியாவது உள்வாங்கிக்கொள்ளும்.

செல்விக்கு ஒரு கணக்கு, வேண்டுமானால் விளக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம். திரை உயரம் 800 பிக்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைப்பு ஒரு வரி கூடியது, அது 42 பிக்சல். அதற்குக் கீழே இரண்டு பத்திகள், ஒவ்வொன்றிலும் ஒரு வரி கூடியது, 27 வீதம் 54. மூன்றாவது பத்தியின் தொடக்கம் மொத்தம் 96 பிக்சல் இறங்கியது, 800இல் அது 0.12. பாதிக்கப்பட்ட பகுதி தலைப்புக்குக் கீழே 600 பிக்சல், அதாவது 0.75. பெருக்கினால் 0.09. கூகுளின் CLS அளவில் 0.1 வரைதான் நல்லது. மூன்றே வரிகள் கூடியதற்கே விளிம்புக்கு வந்துவிட்டோம், இன்னும் விளம்பரமே வரவில்லை.

செல்வி:

"வார்த்தையின் அகலம் மாறுவது, அதனால் வரி மடிப்பு மாறுவது, அதனால் கீழே உள்ளது நகர்வது" என்று மூன்று படிகளாகப் பார்க்கும்போது தெளிவாகிறது. அப்படியானால் நகர்வு என்ற சொல் கடைசிப் படிக்கு. "தளவமைப்பு நகர்வு" என்று வைத்துக்கொள்ளலாமா? "வரிக்குலைவு" என்றும் யோசித்தேன், சுருக்கமாக இருக்கிறது.

யோகன்:

குலைவு என்றால் கெட்டுப்போனது என்ற பொருள் வந்துவிடும். வாசிக்கிறவரே ஒரு பொத்தானை அழுத்தி, பட்டியல் விரிந்து, கீழே உள்ளது இறங்கினால் அதுவும் லேஅவுட் ஷிஃப்ட்தானே, அது ஒருவருக்கும் பிரச்சினை இல்லை. படத்துக்கு உயரம் கொடுக்காமல் விட்டாலும் நகரும், அங்கே வரியே இல்லை. எனக்குத் தளவமைப்பு நகர்வு சரி, கொஞ்சம் நீளம்தான்.

அன்வர்:

ஒத்துக்கொள்கிறேன். அழுத்திய அரை நொடிக்குள் நடப்பதை அந்த CLS அளவிலேயே சேர்ப்பதில்லை, ஆகவே நடுநிலையான சொல்தான் வேண்டும். எழுத்துரு மாறுவதால் வரி மறுபடி மடிவதை மட்டும் சொல்ல "மறுமடிப்பு" என்று ஒன்று வைத்துக்கொள்ளலாம். மறுமடிப்பு காரணம், தளவமைப்பு நகர்வு விளைவு.

பதிலி எழுத்துரு பற்றி: பிராக்ஸிக்குப் பதிலி என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள், மோதும். "இடைக்கால எழுத்துரு" என்றும் வேண்டாம். `optional` போட்டால் உலாவி சுமார் 100 மில்லிநொடிதான் பார்க்கும், அதற்குள் வலை எழுத்துரு வராவிட்டால் அந்தப் பார்வை முடியும்வரை கணினியின் எழுத்துருவே நிற்கும், அங்கே இடைக்காலம் எதுவும் இல்லை. "துணை எழுத்துரு" என்றால் எல்லாவற்றுக்கும் பொருந்தும். அடுத்த முறை வரும்போது கோப்பு தற்காலிகச் சேமிப்பில் இருந்தால் முதலிலேயே வலை எழுத்துரு வந்துவிடும். செய்தித்தளத்துக்கு நான் `optional`தான் சொல்வேன்.

முருகேசன்:

வாடிக்கையாளர் ஒத்துக்கொள்ள மாட்டார். தன் எழுத்துரு முதல் பார்வையிலேயே தெரிய வேண்டும் என்பார். அகலத்தைச் சரிக்கட்ட வழி இல்லையா? தள உருவாக்கக் கருவியில் தானாகவே சரிக்கட்டும் வசதி இருக்கிறது, போட்டேன், தமிழில் ஒன்றும் மாறவில்லை.

அன்வர்:

மாறாது. அந்தக் கருவிகள் சில, `Arial` எழுத்துருவை எடுத்து அதன் அளவைத்தான் சரிக்கட்டுகின்றன. `Arial`இல் தமிழே இல்லை. அதனால் உலாவி அதைத் தாண்டிப்போய், சரிக்கட்டப்படாத நிர்மலாவை எடுக்கிறது. கைப்பட எழுத வேண்டும், அதுவும் ஒவ்வொரு துணை எழுத்துருவுக்கும் தனித்தனியாக:

```css
@font-face {
  font-family: "Thunai Nirmala";
  src: local("Nirmala UI");
  unicode-range: U+0B80-0BFF;
  size-adjust: 92%;
}
@font-face {
  font-family: "Thunai Noto";
  src: local("Noto Sans Tamil");
  unicode-range: U+0B80-0BFF;
  size-adjust: 97%;
}
body {
  font-family: "En Ezhuthuru", "Thunai Nirmala",
    "Thunai Noto", sans-serif;
}
```

இந்த 92, 97 எல்லாம் உதாரணத்துக்கு. உங்கள் தளத்திலிருந்து இரண்டு மூன்று பத்திகளை எடுத்து, மடியாத ஒரே வரியாக, ஒரே `font-size`இல், இரண்டு எழுத்துருவிலும் அகலத்தை அளந்து வகுங்கள். துணையில் 1000, உங்களுடையதில் 920 வந்தால் 92%. ஆங்கில எழுத்துகளை வைத்து அளக்காதீர்கள், அந்த விகிதம் தமிழுக்குப் பொருந்தாது. ஐபோனுக்கு `Tamil Sangam MN` வைத்து மூன்றாவது ஒன்று, ஆனால் `size-adjust` சஃபாரியில் 17ஆம் பதிப்பிலிருந்துதான்.

சராசரிதான் ஒத்துப்போகும், வார்த்தைக்கு வார்த்தை ஒத்துப்போகாது. "ணை", "ளௌ" போன்றவற்றின் விகிதம் ஒவ்வொரு எழுத்துருவிலும் வேறு, அங்கங்கே ஒரு வரி மறுபடி மடியத்தான் செய்யும். `line-height`ஐ எண்ணாகக் கொடுத்துவிடுங்கள், 1.7 என்பது போல. `normal` என்று விட்டால் மடிப்பு மாறாவிட்டாலும் ஒவ்வொரு வரியின் உயரமும் எழுத்துருவோடு சேர்ந்து மாறும்.

ராதா:

`U+200C-200D` இல்லைதான், `U+25CC`உம் இல்லை. தனி இழை போடுகிறேன். ஆனால் துணை எழுத்துரு என்றதும் எனக்குத் துணையெழுத்து, அதாவது கால், கொம்பு, கொக்கி எல்லாம்தான் நினைவுக்கு வருகிறது. பள்ளியில் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறோம்.

செல்வி:

அட, அது யோசிக்காத ஒன்று. துணையெழுத்து, துணை எழுத்துரு இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் படிப்பவர் நிச்சயம் குழம்புவார், அதுவும் கொம்பு உடைவதைப் பற்றி எழுதும்போது. தளவமைப்பு நகர்வு, மறுமடிப்பு, மறைவு நேரம் மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். துணை எழுத்துருவுக்கு மட்டும் வேறு வேண்டும். யோகன், "மாற்று எழுத்துரு" என்றால்?

யோகன்:

`swap`ஐ மாற்றம் என்று விளக்கப்போகிறீர்கள்தானே, "மாற்று எழுத்துரு மாறும்போது" என்று ஒரு வசனம் எழுதிப் பாருங்கோ, எது எதாக மாறுகிறது என்று தெரியாது. "கைவச எழுத்துரு" சரிவருமா? கையில் இருப்பதைத்தானே உலாவி எடுக்கிறது.

அன்வர்:

ஒரு தடை: இரண்டாவதாக வரிசையில் வைப்பதும் இன்னொரு வலை எழுத்துருவாக இருக்கலாம், அது கைவசம் இருக்காது. ஆனால் செல்வி எழுதுவது இந்த ஒரு சூழலுக்கு என்றால் கைவச எழுத்துரு போதும். பொதுச் சொல்லுக்கு இன்னும் யாராவது சொல்லுங்கள்.