புதுப்பிப்பு: காத்தழுத்தத்த மாத்தி காது ஜவ்வு எப்படி அசையுதுன்னு பாக்குற டெஸ்டுல, அதான் டிம்பனோகிராம்ல, பிள்ளைக்கு கோடு பிளாட்டா வந்தது ஏன்னு தெரிஞ்சாச்சு

முன்ன கேட்டது: "5 வயசு மகனுக்கு வலது காதுல கோடு பிளாட், டைப் பி. உள்ள நீரா, இல்ல ஜவ்வு விறைச்சிருக்கா?"

எல்லாருக்கும் நன்றி மக்கா. காதுக்குழி வால்யூம பாருங்கன்னு தக்கலை அக்கா சொன்னதுதான் சரி, ரிப்போர்ட்டுல 0.2 மில்லிதான் இருந்துச்சு, ப்ரோப் முன்னாடி அழுக்கு அடைச்சு கிடந்திருக்கு, அந்த கோட்ட வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதாம். நாகர்கோவில்ல அழுக்க எடுத்துட்டு மறுபடி பாத்தா வால்யூம் 0.7, அது சரியான அளவுதான், ஆனா கோடு அப்பவும் பிளாட், அப்போ நீருதான். அழுக்கு போனா சரியாயிரும்னு நான் நெனச்சிருந்தேன்.

விறைப்புன்னு சொன்ன அண்ணே, அதுல கோட்டோட உச்சி பூஜ்ய அழுத்தத்துக்கிட்டயே வரும், ஆனா குட்டையா இருக்கும், நீங்க போட்ட உங்க அப்பா ரிப்போர்ட் மாதிரி.

3 மாசம் கழிச்சு உச்சி வந்துட்டு, ஆனா மைனஸ் 180ல, டைப் சி. நீரு பெரும்பாலும் வடிஞ்சாச்சாம், அழுத்தம்தான் இன்னும் சரியாகல. இடது காதுல உச்சி நடுவுலதான், கொஞ்சம் குட்டை, அது ஏன்னு டாக்டரும் இன்னும் சொல்லல.