தாயம் விழவே விழாத தாயக்கட்டை

கும்பகோணம் ஆசிரியர்:
ஒரு மாணவி சி மொழியில் தாய விளையாட்டு எழுதிக் கொண்டுவந்தாள். காய் இறங்கத் தாயம் விழ வேண்டும். எத்தனை முறை உருட்டினாலும் 2, 4, 6, 12 மட்டும்தான். 1, 3, 5 எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கட்டை உருட்டும் இடம் இது:

```c
int kattai(void) {
    srand(time(NULL));
    return rand() % 4;
}
```

`time(NULL)` நொடிக்கு ஒருமுறைதான் மாறும். இரண்டு கட்டைக்கும் இந்த ஃபங்ஷனை அடுத்தடுத்துக் கூப்பிடும்போது அநேகமாக அதே நொடிதான் ஓடிக்கொண்டிருக்கும். `srand` அதே விதையை மறுபடி போடும், `rand` முதல் எண்ணையே திரும்பத் தரும். இரண்டு கட்டையும் ஒன்றுபோல் விழுந்தால் கூட்டுத்தொகை இரட்டைப்படை தவிர வேறென்ன வரும்? இரண்டும் பூஜ்யமாக விழுந்தால் பன்னிரண்டு. `srand` வரியை `main` தொடக்கத்தில் ஒரே தடவை ஓடும்படி வைத்தாள். தாயம் விழ ஆரம்பித்தது.

மயிலாடுதுறை:
எனக்கென்னவோ `%` மேல்தான் சந்தேகம் சார். மீதி எடுத்தால் சில எண்கள் கூடுதலாக விழும் என்று படித்திருக்கிறேன்.

தஞ்சாவூர்:
அந்தச் சாய்வு உண்மைதான், ஆனால் இங்கே கிடையாது. `RAND_MAX` 32767 என்றால் மொத்தம் 32768 எண்கள், நாலால் மீதியின்றி வகுபடும். ஆறு முகப் பகடை என்றால் இரண்டு எண் மிஞ்சும். அப்போது `rand() % 6 + 1` எழுதினால் 1, 2 இரண்டுக்கும் 5462 வாய்ப்பு, மற்ற முகங்களுக்கு 5461. ஆட்டத்தில் இது கண்ணில் படாது. அதுவும் வேண்டாம் என்றால் 32766, 32767 வரும்போது தள்ளிவிட்டு மறுபடி `rand` கூப்பிடலாம்.

மன்னார்குடி:
என் தம்பி செய்த தாயத்தில் பன்னிரண்டு மேல் பன்னிரண்டாக விழுகிறது. “நெசக் கட்டையில இப்படி விழாதுடா” என்கிறார் அப்பாயி. `srand` ஏற்கெனவே `main`-இல்தான் இருக்கிறது. உருட்டுவதற்கு `rand() % 7`, பூஜ்யம் வந்தால் பன்னிரண்டு. இதுவும் விதைப் பிரச்சினைதானே?

கும்பகோணம் ஆசிரியர்:
இல்லை, இது வேறு. உங்கள் அப்பாயி சொல்வதுதான் சரி! இரண்டு கட்டை சேர்ந்து விழ 16 வழி. அதில் பன்னிரண்டுக்கு ஒரே வழி, தாயத்துக்கு இரண்டு, மூன்றுக்கு நாலு. `% 7` போட்டால் ஏழுக்கும் சம பங்கு போய்விடும், பன்னிரண்டு இரண்டு மடங்குக்கு மேல் விழும். `rand() % 4 + rand() % 4` என்று கூட்டச் சொல்லுங்கள்.

மன்னார்குடி:
மாற்றியாயிற்று. இப்போது தாயம் விழமாட்டேன் என்கிறது என்று அப்பாயிக்குக் குறை. அவர் கையில் பித்தளைக் கட்டை கேட்டதெல்லாம் விழும்.

தஞ்சாவூர்:
எட்டுக்கு ஒன்று கணக்கில் விழ வேண்டும். பத்தாயிரம் உருட்டை லூப்பில் ஓட்டி எண்ணிப் பாருங்கள், 1250-ஐ ஒட்டி வந்தால் நிரல் சரி. கட்டை தேய்ந்திருக்கிறதா, அப்பாயி உருட்டும் பழக்கமா என்பதை இங்கிருந்து சொல்ல முடியாது. அதையும் உருட்டி எழுதி வையுங்கள், பார்ப்போம்.