புகைப்படக் கோப்பைகளுக்கு முதல் ஆர்டர்களைப் பெறுவது எப்படி?

அனைவருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில், வீட்டிலேயே சிறிய பிரஸ் வைத்துக் கோப்பைகளிலும் டி-ஷர்ட்டுகளிலும் புகைப்படம் அச்சிடத் தொடங்கியுள்ளேன். 180 டிகிரியில் 3 நிமிடம் வைத்தால் கோப்பையில் படம் தெளிவாக விழுகிறது. கைப்பிடியை ஒட்டிய இடத்தில் மட்டும் சூடு சரியாகப் படாமல் நிறம் வெளிறுவதால், படத்தை ஒரு விரல் அகலம் தள்ளியே அமைக்கிறேன்.

முதலில் விசாரித்த கைப்பந்துக் குழுவினர் 12 வெள்ளைப் பருத்தி டி-ஷர்ட்டுகள் கேட்டார்கள். சப்ளிமேஷன் மை பாலியஸ்டரில்தான் பிடிக்கும், பருத்தியில் சில சலவைகளிலேயே மங்கிவிடும் என்று சொன்னதும் அவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். மறைத்து விற்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே இப்போதைக்குக் கோப்பைகளையே முன்னிறுத்த விரும்புகிறேன். அருகிலுள்ள மழலையர் பள்ளிக்கு, அவர்கள் பெயர் அச்சிட்ட மாதிரிக் கோப்பை ஒன்றை இலவசமாகக் கொடுத்துப் பேசலாமா? ஒற்றைக் கோப்பைக்கும் முன்பணம் கேட்பது முறையா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.